நாலுக்கு ஆ, ஆறுக்கு இ

வாடிக்கையாளர்கள் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை என்று எங்கள் தொழிலில் ஒரு புலம்பல் உண்டு. அது அபாண்டம். அடுத்த வாரம் வேண்டும் என்பதை எல்லோரும் தெளிவாகத்தான் சொல்கிறார்கள். என்ன வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் மூட்டம்.

நான் சின்னக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவன். திருநெல்வேலிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். “தம்பி, பில்லு போடணும், ஸ்டாக்கு தெரியணும், யாரு எவ்வளவு பாக்கின்னு பாக்கணும். பெருசா ஒண்ணும் வேண்டாம், சிம்பிளா இருந்தாப் போதும்.” பின்னால் யாரோ முக்கால் இஞ்ச் எல்போ ரெண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதிவில் தேவையைத் துல்லியமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இந்த இடத்தில் “உங்க எதிர்பார்ப்பு என்ன அண்ணாச்சி?” என்று கேட்டுப் பயனில்லை. “நல்லா இருக்கணும் தம்பி” என்பார். அதை வைத்து ஒரு வரி கோடு எழுத முடியாது. “விலையில வரி சேர்ந்திருக்கா, தனியா போடணுமா?” என்று கேட்டால் “ஆமா” என்று பதில் வரும். கேள்வி இரண்டு, பதில் ஒன்று, இருவருக்கும் பரம திருப்தி.

அதனால் நான் எண் போட்டுக் கேட்பேன். ஒரு எண்ணுக்கு ஒரே கேள்வி. அதன் கீழே அ, ஆ, இ என்று தேர்வுகள். அதற்கும் கீழே, ‘பதில் வரும்வரை இப்படி எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி. கல்லாவில் உட்கார்ந்து ஒரு கையால் சில்லறை எண்ணிக்கொண்டே மறு கையின் கட்டைவிரலால் பதில் அனுப்ப முடிகிற மாதிரி இருக்க வேண்டும். ஏழெட்டுக் கேள்விக்கு மேல் போனால் முதலாவதுக்கும் கடைசிக்கும் மட்டும் பதில் வரும். நடுவில் உள்ளவை அநாதைகள்.

அண்ணாச்சிக்குப் போன முதல் கேள்வி இது:

“1. பொருளின் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? (அ) எல்லாவற்றிலும் சேர்ந்தது. (ஆ) எதிலும் சேரவில்லை. (இ) சிலவற்றில் மட்டும். இப்படி எடுத்துக்கொள்கிறேன்: எம்.ஆர்.பி. அச்சடித்த பெயின்ட் டின் போன்றவற்றில் சேர்ந்தது; நிறுத்துக் கொடுக்கும் ஆணி போன்றவற்றில் சேரவில்லை.”

இது வெட்டிக் கேள்வி இல்லை. டின்னில் ரூ.1,180 என்று அச்சடித்திருந்தால், 18 சதவீத வரியில் அதற்குள்ளேயே ரூ.1,000 பொருளும் ரூ.180 வரியும் இருக்கின்றன. சாஃப்ட்வேர் அது தெரியாமல் மேலும் 18 சதவீதம் ஏற்றினால் பில் ரூ.1,392.40 ஆகும். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். டின்னைத் திருப்பி அச்சடித்த விலையைக் காட்டும் வாடிக்கையாளரின் குரல் அதைவிடப் பெரிய பக்கம்.

தள்ளுபடிக்கு வார்த்தையே உதவாது, தொகை போட்டுத்தான் கேட்க வேண்டும். “வரிக்கு முன்பா, பின்பா?” என்று கேட்டால் “எப்பவும் போலத்தான்” என்பார். எனவே நான்காம் கேள்வி இப்படிப் போனது: வரி சேராத ரூ.1,000 சரக்கு, 18 சதவீத வரி, நூறு ரூபாய் குறைக்கிறீர்கள். வாடிக்கையாளர் தருவது (அ) ரூ.1,062, (ஆ) ரூ.1,080. முதலில் நூறைக் கழித்து 900க்கு வரி போட்டால் 1,062. வரியோடு 1,180 ஆக்கிவிட்டு நூறைக் கழித்தால் 1,080. பதினெட்டு ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் கடையில் ஒருநாள் போடும் பில்லையெல்லாம் அதனால் பெருக்கிப் பாருங்கள். அண்ணாச்சி உடனே “நாலுக்கு ஆ” என்றார். பில்லிலேயே காட்டும் தள்ளுபடியை வரிக்குரிய மதிப்பிலிருந்து கழிக்க ஜிஎஸ்டி சட்டம் இடம் தருகிறது என்று எழுதி, அந்தக் கேள்வியை ஆடிட்டருக்குத் தள்ளிவிடச் சொன்னேன். அவர் “நாலுக்கு அ” என்று திருத்தினார். கேள்விக்குச் சரியான ஆளைக் கண்டுபிடிப்பதும் பாதி வேலை.

இதில் நான் கண்ட அதிசயம் ஒன்று உண்டு. கேள்விக்கு மூன்று நாள் வாய் திறக்காத மனிதர், அவர் கடையைப் பற்றி நாம் எழுதிய வாக்கியம் ஒன்று பொருந்தவில்லை என்றால் மூன்று நிமிடத்தில் கூப்பிடுவார். “கடன் எப்படிக் கொடுக்கிறீர்கள்?” என்பதற்கு இரண்டு நீல டிக் மட்டுமே கிடைத்தது. மறுபடி, “6. கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பொருளும் பணத்துக்கோ கடனுக்கோ பில்லோடுதான் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதினேன். போன் அடித்தது.

“தம்பி, மச்சான் வீடு கட்டுதாரு.”

“சரி அண்ணாச்சி.”

“அவருக்குப் பில்லு எப்படிப் போட?”

பிறகுதான் தெரிந்தது: மச்சான் பைப்பும் சிமென்டும் எடுத்துப் போவார், எழுதுவதில்லை, அண்ணாச்சி வீட்டுக்குப் போகும் பல்பும் அப்படியே. இது தெரியாமல் ஸ்டாக் கணக்கை எழுதியிருந்தால் மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும், குடோன் ஒன்று சொல்லும், நடுவில் பாவம் கடைப் பையன் திருடனாவான். பில் இல்லாமல் ஸ்டாக்கைக் குறைக்கத் தனியாக ஒரு பதிவு வேண்டும் என்பது அப்படி வந்ததுதான். அதற்கு வரிக் கணக்கு என்ன என்பது மறுபடி ஆடிட்டர் பாடு. மச்சானுக்குக் கணக்குக் காட்டுவது அண்ணாச்சி பாடு. அதற்கு எந்த சாஃப்ட்வேரும் இல்லை.

எண்களை மட்டும் இடையில் மாற்றவே கூடாது. பதில் வந்த கேள்வியை அழித்துவிட்டு மிச்சத்துக்குப் புதிதாக எண் போட்டால், அவர் பழைய ஆறைச் சொல்வார், நாம் புதிய ஆறைச் செய்வோம். புதுக் கேள்வி வந்தால் அதற்குக் கடைசி எண். ஒருமுறை அண்ணாச்சி கடையிலிருந்தே சத்தமாக “ஆறுக்கு இ, ரெண்டுக்கு அ” என்று போனில் சொல்ல, நின்றிருந்த கொத்தனார் பெயின்ட் ஷேடு நம்பர் என்று நினைத்து எழுதிக்கொண்டாராம். போனில் வந்த பதிலையெல்லாம் அன்றே எண்ணோடு எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். சொன்னதை மறுக்க ஆள் உண்டு. எழுதியதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதை மறுப்பது கஷ்டம்.

‘வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் இப்படியே செய்கிறேன்’ என்ற வரியை எல்லாவற்றுக்கும் போட முடியாது. பில் மூன்று அங்குலத் தாளிலா, ஏ4 தாளிலா என்பதில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு மாற்ற அரை மணி நேரம் ஆகும். வரி, பில் வரிசை எண், பழைய பாக்கித் தொகை இந்த மூன்றிலும் வாயைத் திறந்து “சரி” என்று சொல்லும்வரை கை வைப்பதில்லை. தப்பாகப் போட்ட பில் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு அதைத் திரும்ப அழைக்க முடியாது.

கடைசிக் கேள்வி என் சம்பளம் பற்றியது. “8. மீதித் தொகை எப்போது? (அ) வேலை முடிந்த அன்று. (ஆ) ஒரு வாரத்தில். (இ) மாதக் கடைசியில். இப்படி எடுத்துக்கொள்கிறேன்: (அ).”

பதில் வந்தது: “எட்டுக்கு ஈ. தீவாளிக்குப் பாத்துக்கிடுவோம் தம்பி.”

விதிப்படி அடுத்த எண் போட்டு அனுப்பினேன்: “9. எந்த வருடத் தீபாவளி? இப்படி எடுத்துக்கொள்கிறேன்: இந்த வருடம்.”

நீல டிக் விழுந்திருக்கிறது.