ரெண்டாப் பிரிடா மாப்ள

வாய்யா மாப்ள, உக்காரு. ஆக்கிரமிப்பு நோட்டீஸை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருந்தியாமே, உங்க ஆத்தா சொல்லுச்சு. நல்ல காரியம். முருகனே செயல் அலுவலருக்குப் பதில் எழுதிருவாரு, உனக்கு எதுக்குப் பேனாச் செலவு? கவரையும் கிழிச்சு அடுப்புல போட்டுட்டியா, இல்ல இருக்கா? இருக்கா? அப்பப் பொழச்ச. கவர்ல தபால் முத்திரை இருக்கும். நோட்டீஸுல என்ன தேதி அச்சடிச்சிருந்தாலும், உன் கைக்கு வந்த தேதிக்கு அந்தக் கவர்தான் சாட்சி.

சரி, எவன்கிட்டல்லாம் யோசனை கேட்ட? "முப்பது வருஷமா இருக்கோம், எவன் கைய வைப்பான்"னு எழுதச் சொன்னானா ஒருத்தன்? "பக்கத்துக் கடைக்காரன் நம்மளவிட ரெண்டு அடி கூட இழுத்திருக்கான், அவனை முதல்ல எடு"ன்னு எழுதச் சொன்னானா இன்னொருத்தன்? எழுதுய்யா, தாராளமா எழுது. அவனும் தப்பு, நீயும் தப்புன்னு ஆபீசுக்காரன் ரெண்டு கொட்டகையையும் ஒரே நாள்ல பிரிப்பான். அவன் செஞ்ச தப்பு உனக்கு உரிமை ஆகாது, எந்தக் கோர்ட்டும் அதை ஒத்துக்காது. இதுல பி மெமோ ரசீதையெல்லாம் கட்டி வேற கொண்டாந்திருக்க. அது வரி ரசீது இல்லடா மாப்ள. சர்க்கார் இடத்தை ஆக்கிரமிச்சதுக்குப் போட்ட அபராதம். அதை இணைச்சு அனுப்புனா, "ஐயா, நான் ஆக்கிரமிப்புத்தான்"னு வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. உள்ள வை.

இப்ப நோட்டீஸைக் குடு. கீழே யாரு கையெழுத்து, எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னு முதல்ல பாக்கணும். தாசில்தார் போட்டிருந்தா 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமா இருக்கும். அதுல ஒரு கூத்து உண்டு. 7-ம் பிரிவு முன்னால வந்து "ஏன் எடுக்கக் கூடாது, சொல்லு"ன்னு கேக்கும், 6-ம் பிரிவு பின்னால வந்து காலி பண்ணும். எண்ணிக்கை மட்டும் தெரிஞ்ச ஆளு 6 வரட்டும், அப்புறம் 7-க்குப் பதில் சொல்லுவோம்னு உக்காந்திருப்பான். ஆனா உனக்கு வந்திருக்கறது உங்க ஊரு பேரூராட்சி நோட்டீஸு. அதனால பதில் செயல் அலுவலருக்குப் போகணும்.

கொட்டகையை அளந்தியா? அளக்காமயா வந்த! பூக்கடைச் சுவத்துல இருந்து முன்னால பதினோரு அடித் தகரம் நீட்டிருக்க. உன் புலப்படத்தைப் பாரு, சுவத்துக்கு முன்னால ஆறு அடி உன் பட்டா. மிச்சம் அஞ்சு அடி சாக்கடைக்கு மேல ஏறி ரோட்டுல நிக்குது. கொட்டகை ஒண்ணுதான், வழக்கு ரெண்டு. இதை நீ காயிதத்துல பிரிக்கலைன்னா, அவுங்க ஜேசிபில மொத்தமாப் பிரிப்பாங்க.

உன் சிநேகிதன் செல்போன்ல காட்டுன சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு நெசந்தான். 2024 நவம்பர் 13, நீதிபதி கவாயும் விஸ்வநாதனும் சொன்னது. நோட்டீஸ் கைக்குக் கிடைச்சதுல இருந்து குறைஞ்சது 15 நாள் குடுக்கணும். என்ன மீறல்னு விவரம் சொல்லணும், நேர்ல கூப்பிட்டு விசாரிக்கணும், விசாரிச்சதை எழுதி வைக்கணும். உத்தரவு போட்ட பிறகும் 15 நாள் கை வைக்கக் கூடாது. இவ்வளவையும் படிச்ச அந்த மகராசன் அதுக்கு அடுத்த வரியைப் படிச்சானா? ரோடு, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை இதுல இருக்கற கட்டுமானத்துக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்னதுக்கும் இது பொருந்தாதுன்னு அதே தீர்ப்புல இருக்கு. ஆக உன் ஆறு அடிக்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்கும், அஞ்சு அடி நனைஞ்சுதான் ஆகணும்.

அதுக்காக அந்த அஞ்சு அடிக்கு வாயே தொறக்கக் கூடாதுன்னு இல்ல. நம்ம சேலத்துக்காரர் ஒருத்தர், நிலமில்லாத கூலி, பஞ்சம் பொழைக்க 1961-ல பம்பாய்க்குப் போனாரு. ரோட்டோரம் பிளாஸ்டிக் சீட்டும் கித்தானும் கட்டி, பொஞ்சாதி, மூணு பொம்பளப் பிள்ளைகளோட குடியிருந்தாரு. அந்தக் குடிசைக்கே ஒரு தாதா 2,500 ரூபா புடுங்கியிருக்கான். 1981 ஜூலையில மாநகராட்சி அதைப் பிச்சுப் போட்டு, குடும்பத்தையே சேலம் பஸ்ஸுல ஏத்தி விட்டுருச்சு. மனுசன் பொஞ்சாதி பிள்ளைகளை ஊர்ல விட்டுட்டுப் பம்பாய்க்கே திரும்பிப் போனாரு. ஓல்கா டெல்லிஸ் வழக்குன்னு பேரு பெத்த வழக்குல அவரும் ஒரு மனுதாரர். நோட்டீஸே குடுக்காம எடுக்கலாம்னு அந்த ஊருச் சட்டம் சொல்லுச்சு. 1985-ல சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? எடுக்கலாம்னா எடுத்தே தீரணும்னு அர்த்தமில்ல, சாதாரணமா ஆளைக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும்னு. ஆனா நடைபாதையில குடியிருக்க உரிமை உண்டுன்னு சொல்லல. மழைக்காலம் முடிஞ்சு அக்டோபர் 31 வரைக்கும் கை வைக்காதீங்கன்னு தவணை குடுத்துச்சு.

அந்தத் தவணையைக் கவனி. அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அந்தக் காரணத்துக்கு ஒரு முடிவும் இருந்துச்சு. நீ எழுதிக் கொண்டாந்த பதில்ல இருக்கற "போதிய கால அவகாசம் வழங்கிடுமாறு" எந்தத் தேதிடா? உன் பேரன் கல்யாணமா? எந்த ஆபீசரும் அதுல கையெழுத்துப் போட மாட்டாரு.

எழுது, நான் சொல்றேன். மேல நோட்டீஸ் எண்ணு, நோட்டீஸ் தேதி, கிடைச்ச தேதி. அப்புறம்:

"சுவரிலிருந்து ஆறு அடி வரையுள்ள பகுதி எனது பட்டா நிலத்தில் உள்ளது. பட்டா மற்றும் புலப்பட நகல் இணைத்துள்ளேன். என் முன்னிலையில் நில அளவையரைக் கொண்டு அளந்து எல்லை காட்டவும், அளவை அறிக்கையின் நகல் வழங்கவும், இப்பகுதி குறித்து முடிவெடுக்கும் முன் என்னை நேரில் விசாரிக்கவும் வேண்டுகிறேன். மீதியுள்ள ஐந்து அடியை என் சொந்தச் செலவில் அகற்றிக்கொள்கிறேன். முகூர்த்தங்களுக்குப் பூ கொடுக்க முன்பணம் பெற்றிருப்பதால், இம்மாதம் கடைசித் தேதி வரை அவகாசம் வேண்டுகிறேன்."

அம்புட்டுத்தான். "ஏழை", "பாவம்", "தங்கள் பொற்பாதம்" எல்லாம் அடிச்சிரு. முன்பணச் சீட்டு நகல் ஒண்ணு வை. பட்டா இடத்துலயும் கொட்டகைக்கு அனுமதி வாங்கிருக்கியான்னு விசாரணையில கேப்பாங்க. வாங்கலைன்னா வாங்கலைன்னு சொல்லு, முறைப்படுத்த வழி உண்டான்னு கேட்டு, அதையும் எழுதிக்கச் சொல்லு. உன் மனுவுக்குப் பதிலே வராம ஆளுக வந்து நின்னாத்தான் மதுரை ஐகோர்ட்டு. அங்க முதக் கேள்வியே "பதில் குடுத்தியா, எங்க நகல்?"னுதான் இருக்கும்.

ஆபீசுல நேராக் குடுத்து, உன் நகல்ல தேதியோட முத்திரை வாங்கு. தபால்லயும் ஒண்ணு போடு. பதிவுத் தபாலை 2025-ல ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க, கவுண்டர்ல ஒப்புகை வேணும்னு தனியாக் கேளு, இல்லைன்னா வெறும் ரசீதோட வந்து நிப்ப.

நாளைக்குச் சர்வேயருக்குப் பணம் கட்டிட்டு, அப்படியே வெல்டரைக் கூட்டியா. ஆறாவது அடியில புதுசா ரெண்டு கால் ஊனிட்டு, சாக்கடைக்கு அந்தப் பக்கத்துக் காலை நாமளே அறுத்து எடுக்கணும். ஜேசிபி இழுத்தா பட்டாத் தகரமும் சேந்துதான் வரும். அறுக்கறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் டேப்பைப் பிடிச்சுப் போட்டோ எடுத்து வை. செலவுக்கு என்னைப் பாக்காத, பி மெமோ கட்டத் தெரிஞ்ச ஆளுதான நீ.