ரூம் காலி, விவரம் ஃபுல்

“தம்பி, ஃபோட்டோ எடுத்துட்டேன். கீழே போட ரெண்டே வரி எழுதிக் கொடு” என்று ஹவுஸ் ஓனர் சார் மாடிப்படி ஏறி வந்தால் என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று அர்த்தம். ரெண்டு வரியை அவரே எழுதிக் கையில் வைத்திருப்பார். டயரியில் ஒன்றரைப் பக்கம். என் வேலை அதைத் தட்டச்சு செய்வதுதான்.

போன வருடம் அவர் எழுதியதை ஞாபகத்திலிருந்து தருகிறேன். “சேலையூரில் அருமையான ரூம். இது எங்கள் மூத்த பெண் படித்த ரூம். இந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் பிளஸ் டூவில் 1,152 மார்க் வாங்கினாள். இப்போது கல்யாணமாகி டல்லாஸில் இருக்கிறாள். கீழே நானும் மனைவியும் மட்டும். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மனைவி ஸ்கந்தாசிரமம் போய்விடுவார், நான் தனியாகத்தான் இருப்பேன், அப்போது நிதானமாகப் பேசலாம். டிசம்பரில் இரண்டு மாதம் பெண் வீட்டுக்குப் போகிறோம், அதற்குள் வந்துவிட்டால் நல்லது. ராணுவத்தினருக்கு முன்னுரிமை.”

படித்துவிட்டு, “ரூம் எத்தனை அடி சார்?” என்று கேட்டேன்.

“அதான் ஃபோட்டோ இருக்கே!”

இங்கேதான் நானும் அவரும் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொள்வோம். ஃபோட்டோவில் எது தெரியாதோ அதை எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஃபோட்டோவில் எது தெரியாதோ அது தன் குடும்ப வரலாறு என்பது அவர் கட்சி. இரண்டும் ஒரே வாக்கியம் போலத் தோன்றுவதால் ஒருவரை ஒருவர் ஜெயிக்க முடிவதில்லை.

அடி கணக்கை நான் விடாமல் கேட்டதற்குக் காரணம் உண்டு. பேரன் சொல்லிக்கொடுத்ததிலிருந்து சார் எல்லாப் படத்தையும் கேமராவை 0.5-இல் வைத்துத்தான் எடுக்கிறார். அந்த லென்ஸில் பத்துக்குப் பத்து ரூம் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து நிற்கும். அதை நம்பிக் கேம்ப் ரோடு ஜங்ஷனில் இறங்கி, வெயிலில் நடந்து வந்து, மாடியேறிப் பார்த்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரும் கேட்கிற முதல் கேள்வி, “ஃபோட்டோல பெருசா இருந்துச்சே?” கதவு மூலையில் நின்று, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, சாதாரண 1x-இல் எடுத்துவிட்டு, பக்கத்தில் ‘10 அடிக்கு 11 அடி’ என்று போட்டுவிட்டால் இந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு நடையே மிச்சம். கட்டில் ஒன்று படத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஆறேகாலுக்கு ஐந்தடி கட்டில் போட்ட பிறகு பீரோ திறக்க இடம் இருக்கிறதா என்பதைக் கண்ணே அளந்துகொள்ளும்.

அப்புறம் ஜன்னல் எந்தத் திசை, ஏ.சி.க்கு 15 ஆம்பியர் பாயின்ட் உண்டா, பாத்ரூம் உள்ளேயா வெளியேயா, கரன்ட்டுக்குத் தனி மீட்டரா, மே மாதத்தில் போர் தண்ணீர் வருமா லாரியா. இதில் ஒன்றுகூட ஃபோட்டோவில் தெரியாது. சாரின் ஒன்றரைப் பக்கத்திலும் ஒன்றுகூட இல்லை. மகள் வாங்கிய மார்க் மட்டும் கமா போட்டு இருந்தது.

நான் வெட்டியதையெல்லாம் அவர் மறுபடி சேர்த்துப் போட்டுவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை, மிகச் சரியாகச் சாயந்திரம் ஆறு மணிக்கு, போன் வந்தது. பேசியவர் தன்னை விமானப் படை ஆபீசர் என்றார். தாம்பரம் ஏர் ஃபோர்ஸ் ஸ்டேஷனுக்கு மாற்றல், குடும்பத்தோடு வருகிறேன், ரூமைப் பார்க்கவே வேண்டாம், ஃபோட்டோ போதும் என்றார். “உங்க பொண்ணு மாதிரியே என் பொண்ணும் நல்லாப் படிப்பா சார்” என்று ஒரு வார்த்தை போட்டார். அவ்வளவுதான், சார் உருகிவிட்டார். அட்வான்ஸை உடனே அனுப்புகிறேன் என்று ஒரு க்யூ.ஆர். கோடு வந்தது. ஸ்கேன் செய்து, பின் நம்பர் போட்டால் பணம் உள்ளே வந்துவிடுமாம்.

சார் ஸ்கேன் செய்துவிட்டார். பின் நம்பர் கேட்டது. அது அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் பின் நம்பர் சாரின் மனைவியான அம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவோ, விளம்பரத்தில் சொன்னபடி, முருகனைப் பார்க்கப் போயிருந்தார். “லைன்லயே இருங்க ஆபீசர், என் ஒய்ஃப் வந்துடுவா” என்று சார் அந்த ஆளை முக்கால் மணி நேரம் பிடித்து வைத்து, மகளின் காலேஜ் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவனும் பாவம்தான்.

அம்மா திருநீறும் கையுமாக உள்ளே வந்து ஒரே கேள்வி கேட்டார். “நமக்குப் பணம் வர்றதுக்கு நாம எதுக்கு பின் போடணும்?” லைன் கட்டாகிவிட்டது. யு.பி.ஐ.யில் பணத்தை அனுப்பத்தான் பின் போட வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம் என்பதை அம்மா எங்கே படித்தாரோ தெரியாது. ராணுவ ஆபீசர் வேஷம் போட்டு வாடகை வீட்டு விளம்பரங்களைக் குறிவைக்கும் இந்த மோசடி நாடு முழுக்க நடப்பது. ஆனால் எந்தக் கிழமை, எந்த நேரம் போன் செய்தால் சார் தனியாகச் சிக்குவார், எதைச் சொன்னால் உருகுவார் என்று அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, டயரியின் அந்த ஒன்றரைப் பக்கம்தான்.

சார் திருந்தினாரா என்றால், ‘ராணுவத்தினருக்கு முன்னுரிமை’ என்ற வரியை மட்டும் அடித்தார்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். இந்த வருடம் நடந்ததை அப்படி எழுத வரவில்லை. மாடி ரூமில் இரண்டு நர்ஸ் பெண்கள் இருந்தார்கள். மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். சாருக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் டியூட்டிக்குப் போன நேரத்தில் ஸ்பேர் சாவி போட்டுத் திறந்து ஃபோட்டோ எடுத்து, ஏரியா வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். நான் பார்த்தபோது போட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கொடியில் அவர்கள் துணி. உள்ளாடை உட்பட. ஆணியில் ஐ.டி. கார்டு, பெரிதாக்கினால் பெயரும் ஆஸ்பத்திரியும் படிக்கலாம். மேஜையில் மாத்திரை அட்டை. கீழே சாரின் வாசகம், “இரண்டு பெண்கள் மட்டும் தங்கியிருக்கிறார்கள், நைட் டியூட்டி, பகலில் தூங்குவார்கள், மிகவும் பாதுகாப்பான இடம்.”

மறுநாள் சாயந்திரம் அவர்களில் ஒரு பெண் கீழே வந்தாள். சத்தம் போடவில்லை. “அங்கிள், வாடகை கொடுக்கிற வரைக்கும் அது எங்க ரூம்” என்றாள். சார் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். ஆள் குடியிருக்கிற ரூமை அவர்களைக் கேட்காமல் படமெடுப்பது, அவர்கள் வந்துபோகிற நேரத்தை ஊருக்கு அறிவிப்பது, இதெல்லாம் வெள்ளந்தித்தனம் என்று நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. தன் வீட்டுக் கதையை விற்க அவருக்கு உரிமை உண்டு. குடியிருப்பவர் கதை அவர் சொத்து இல்லை. படத்தை டெலிட் செய்தாயிற்று. யார் யார் போனில் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது என்று யார் கண்டது?

அந்தப் பெண்கள் காலி செய்த மறுநாள் நானும் சாரோடு மேலே போனேன். வெறும் ரூம்தானே, இதில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று சார் எடுத்த முதல் படத்தில் பீரோக் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்குள் பனியனும் லுங்கியுமாகச் சார், ஒரு கண்ணை மூடியபடி. இரண்டாவது படத்தில் கதவோரம் ஈ.பி. கார்டு தொங்கியது, இணைப்பு எண் பளிச்சென்று. “இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த நம்பருக்குப் பேசுங்கள்” என்று வருகிற போலி எஸ்.எம்.எஸ்.கள் அவருக்கே இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அவர் அந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார். நிஜமான இணைப்பு எண்ணைச் சொல்லி ஒருவன் மிரட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. கார்டைக் கழற்றினோம். கண்ணாடிக்குப் பழைய போர்வை போர்த்தினோம். மூன்றாவது படம் தேறியது.

அதை எனக்கு அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினார். “சாதாரணமா அனுப்பினா குவாலிட்டி குறைஞ்சுடும் தம்பி.” அவர் போனில் கேமராவுக்கு லொக்கேஷன் எப்போதும் ஆனில்தான் இருக்கும். வாட்ஸப்பில் சாதாரணமாக ஃபோட்டோ அனுப்பினால் எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரம் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாகப் போனால் அப்படியே கூடப் போகும். படத்தின் விவரத்தைத் திறந்து காட்டினேன். மேப்பில் எங்கள் மொட்டை மாடி மேலேயே புள்ளி நின்றது. சார் பயப்படவில்லை. “அடடே, எவ்வளவு கரெக்டா காட்டுது!” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான். “சேலையூர், கேம்ப் ரோடு ஜங்ஷன் அருகில், முதல் மாடி, ஒற்றை ரூம் 10x11 அடி, உள்ளேயே வெஸ்டர்ன் பாத்ரூம். வடக்கே பெரிய ஜன்னல், பரண் உண்டு, ஏ.சி. பாயின்ட் உண்டு. தனி மீட்டர். போர் தண்ணீர், கோடையில் சில வாரம் லாரி. கார் நிறுத்த இடமில்லை, பைக் நிறுத்தலாம். வடக்குச் சுவரின் கீழே கொஞ்சம் ஓதம், படத்தில் தெரிகிறது. வாடகை, அட்வான்ஸ் நேரில். வருவதற்கு முன் போன் செய்யவும்.”

சார் இரண்டு முறை படித்தார். ஓதத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றார். வந்து பார்ப்பவன் கண்ணில் அதுதான் முதலில் படும், முன்னாலேயே சொல்லிவிட்டால் பேரம் பேச அவனுக்கு வாய் வராது என்றேன். ஒத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து, ‘வடக்கே பெரிய ஜன்னல்’ என்பதற்குப் பக்கத்தில், ‘உட்கார்ந்து படிக்க வெளிச்சம் நன்றாக இருக்கும்’ என்று சின்ன எழுத்தில் சேர்த்து, என் முகத்தைப் பார்த்தார்.

அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை, மார்க் இல்லை. ரூமைப் பற்றிய விவரம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

விளம்பரம் போட்டு அரை மணி நேரத்தில் போன் அடித்தது. பத்து நிமிஷம் கழித்து மேலே போகும்போது அவர் வாசலைத் தாண்டினேன். கதவு திறந்திருந்தது. சார் ஈஸி சேரில் சாய்ந்து, முகம் தெரியாத யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த ஜன்னலா? அதுல ஒரு கதை இருக்கு தம்பி. நீங்க இப்ப ஃப்ரீதானே?”