சாம்பாருக்குக் குளியல் உண்டா?

கேள்வி: ராத்திரி மீந்த சோற்றை மேடையிலேயே மூடி வைத்து, காலையில் நன்றாகச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறோம். சூட்டில் கிருமி செத்துவிடும்தானே?

பதில்: கிருமி சாகும், அது எழுதிவைத்த சொத்து சாகாது! அரிசியில் ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். உலை கொதித்தாலும் அவை தப்பிவிடும். சோறு வெதுவெதுப்பாக நின்றால் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சோற்றிலேயே கலந்துவிடும். 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நச்சு அழியாது. உங்கள் அடுப்பு எம்மாத்திரம்? வாடை வராமலும் இருக்கலாம். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் வயிறுதான் சொல்லும்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு நேரம் வெளியில் வைக்கலாம்?

பதில்: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமைத்த உணவு நிற்கக் கூடாது. அறையே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சித்திரை மாதத்துச் சமையலறை எந்தக் கணக்கில் வரும் என்று நான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்கிறாரே மாமியார்?

பதில்: பாதி சரி. (முழுசாகத் தப்பு என்று எழுதினால் உங்களுக்குத்தான் சங்கடம்.) ஐந்து லிட்டர் சாம்பாரைக் குண்டானோடு உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் சூடேறும், குண்டானின் நடுப்பகுதியோ பல மணி நேரம் ஆறாது. அதற்காக வெளியிலேயே விடுவதும் ஆகாது. அகலமான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தட்டில் வைத்துக் கிளறுங்கள். ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள். முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஃபிரிட்ஜ் திருகை 4-இல் வைத்திருக்கிறேன். 4 டிகிரிதானே?

பதில்: அது டிகிரி இல்லை. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. காலையில் 4 அல்லது அதற்குக் கீழே காட்டினால் நிம்மதி. 5-ஐத் தாண்டினால் திருகுங்கள். பாலைக் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் வெளிச்சூடு படும் இடம் அது.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த மீனில் கிருமியே இருக்காதல்லவா?

பதில்: மைனஸ் 18-இல் கிருமி பெருகாது, ஆனால் உயிரோடு உறங்கும். மீனை மேடையில் வைத்து இளக்கினால், உள்ளே ஐஸாக இருக்கும்போதே வெளித்தோலில் அது எழுந்துவிடும். முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்துவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: கதவைத் திறக்காவிட்டால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். கரண்ட் வந்துவிட்டதா என்று ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கும் ஆள் வீட்டில் இருந்தால், டியூப் லைட் சுவிட்சைக் காட்டுங்கள்.