மறதியே இல்லாத மகராசர்களுக்கு

மின்கட்டணம் கட்டும் செயலியை நடத்துகிற நிறுவனத்தாருக்கு வணக்கம். உங்களைப் பாராட்டி நாலு வரி எழுதாவிட்டால் என்னை நன்றிகெட்டவன் என்பார்கள்.

2020-இல் கியூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லை என்று உங்களுக்குப் புகார் செய்தேன். "என்ன போன் சார்?" என்றார் சேவை மையத்துப் பிள்ளை. சாம்சங் கேலக்ஸி எம்31, ஆண்ட்ராய்டு 10 என்றேன். கேமரா அனுமதியைத் திறந்துவிடச் சொன்னார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வேறு கடைக்காரராக இருந்தால் புகாரை மூடியதோடு போனின் பெயரையும் மறந்திருப்பார். நீங்களோ கல்வெட்டில் பொறித்துவிட்டீர்கள்.

அந்த போனை 2022-இல் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் என்ன? எம்31-க்கு உறை, எம்31-க்குக் கண்ணாடி என்று இன்றுவரை எனக்குச் சலுகை அனுப்புகிறீர்கள். போன மாதம் பழைய கோளாறு திரும்ப வந்தபோது, எந்த போன் என்று கேட்டு என்னைச் சிரமப்படுத்தக்கூட இல்லை. ஆண்ட்ராய்டு 10-இன் அமைப்புகளில் எங்கே தொட வேண்டும் என்று உடனே எழுதிவிட்டீர்கள். எம்31 கூட அதற்குப் பிறகு 11, 12 என்று இரண்டு முறை மாறிவிட்டது. கைமாறும்வரை மாடல் பெயராவது நிலைக்கும். பதிப்பு எண்ணோ பெரிய அப்டேட் வந்த அன்றே பழசு. இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டி வைத்த உங்கள் சமத்துவத்தை என்னவென்று சொல்வேன்!

போன் மாடலில் என்ன ரகசியம், லட்சம் பேர் வைத்திருப்பதுதானே என்று சிலர் உங்கள் பெருமையைக் குறைக்கப் பார்ப்பார்கள். தனியாக எடுத்தால் அது உண்மைதான். ஆனால் பெயர் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கும் உங்கள் கலை அவர்களுக்குத் தெரியாது. ஒரு பேச்சுக்கு, என் பின்கோடில் 20,000 பேர் என்று வையுங்கள். நூற்றில் ஒருவரிடம் எம்31 என்றால் மிஞ்சுவது 200 பேர். அதில் செயலியைத் தமிழில் வைத்திருப்பவர் பாதி. என் வயதுக்காரர் பத்து. மாதம் 3-ஆம் தேதி காலையில் கட்டணம் கட்டுகிறவர் நான் ஒருவனே. இதுவே ஊரில் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் மடக்கு போனாக இருந்தால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை, மாடலைச் சொன்னாலே பெயரைச் சொன்னது மாதிரி.

போனைக் கொண்டு பணப்பையையும் எடைபோடலாம். அமெரிக்காவில் ஆர்பிட்ஸ் என்ற பயண நிறுவனம் 2012-இல் செய்ததாகச் செய்தியில் வந்தது: மேக் கணினி வைத்திருப்பவர்கள் அறைக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்று கண்டு, விலை கூடிய ஹோட்டல்களை அவர்களுக்கு முன்னால் காட்டிப் பார்த்தது. நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் விதைநெல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு முன்னால் கூகுளின் குரோம் வெறும் கஞ்சன். முன்பெல்லாம் அது போகிற தளத்துக்கெல்லாம் போனின் மாடலை ஓதிக்கொண்டிருந்தது. 2023 முதல் எந்த ஆண்ட்ராய்டு போனாக இருந்தாலும் `Linux; Android 10; K` என்று ஒரே பல்லவி. மாடல் வேண்டும் என்கிற தளம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உலாவி வாயை மூடிக்கொண்டாலும் கவலையில்லை. நான் வாய்விட்டுச் சொன்னது உங்களிடம் இருக்கிறது.

இதற்கிடையில், 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்கினார்களோ அந்தத் தேவை தீர்ந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. சட்டத்துக்கு உங்கள் பாசம் புரியவில்லை. சில அற்பர்கள் மாடலைப் புகாரோடு மட்டும் ஒட்டி வைத்து, புகார் முடிந்ததும் கிழித்துவிடுகிறார்களாம். மறுமுறை வந்தால், "இப்போதும் அதே போன்தானா?" என்று ஒரு வரி கேட்கிறார்களாம். ஞாபகசக்தி இல்லாதவர்கள்.

உங்கள் மகிமையின் உச்சத்தைக் கடைசியில்தான் பார்த்தேன். கடவுச்சொல்லை மாற்ற அழைத்தபோது, "சரிபார்ப்புக்காக உங்கள் போன் மாடல்?" என்றார் சேவை மையத்துப் பெண். கையிலிருந்த புது போனின் பெயரை உண்மையாகச் சொன்னேன். "பதிவோடு ஒத்துப்போகவில்லை சார்" என்றார். எம்31 என்றேன். "நன்றி சார், உறுதியாகிவிட்டது" என்றார். பேருந்தில் பக்கத்தில் நின்றவருக்குக்கூடத் தெரிந்த ஒரு விஷயத்தை என் அடையாளமாக்கினீர்கள். அதுவும் நான் விட்டு விலகிய பிறகு.

அக்கா மகன் அந்த போனை விற்கப்போகிறானாம். வேண்டாம்டா என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் பதிவேட்டின்படி நான் குடியிருப்பது அதில்தான்.