சாயப்பட்டறை ஓனரின் தீபாவளி அறிவிப்பு

திருப்பூர் சாயப்பட்டறை ஓனருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை எழுத்துப் பணி உண்டு: தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. மற்ற நாட்களில் பார்ட்டிகளுக்கு அவர் அனுப்புவதெல்லாம் கட்டைவிரல் படமும், "ஓகேங்" என்று முடியும் குரல்பதிவும்தான். பண்டிகை நெருங்கியதும் தமிழ் செந்தமிழாகிவிடும். "எங்களது மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு" என்று தொடங்கும் வாசகத்தைச் சுற்றி நாலு மூலையிலும் விளக்கு எரியும்.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அதற்கான மாதிரி அறிவிப்பு இப்படி அமையும்: 18 சனி முதல் 26 ஞாயிறு வரை விடுமுறை, 27 முதல் வழக்கம்போல் இயங்கும், பெண்டிங் லாட்கள் முன்னுரிமை அடிப்படையில் டெலிவரி செய்யப்படும், நிலுவைத் தொகையை 15-ஆம் தேதிக்குள் செலுத்தி ஒத்துழைக்கவும். இந்த நான்கில் கடைசி வரி மட்டும் அப்படியே நம்பத்தக்கது. 15-ஆம் தேதி காலையில் ஓனரே போன் செய்வார். போனஸ் போட்டாக வேண்டுமே.

18-இல் விடுமுறை என்றால் 17 வரை துணி கொடுக்கலாம் என்று புதிய பார்ட்டி கணக்குப் போடுவார். பட்டறையின் கணக்கு வேறு. காட்டன் துணியில் நேவி போன்ற அடர்நிறம் ஏற்ற, பிளீச்சிங் தொடங்கி சோப்பிங் முடிய மிஷினிலேயே அரை நாள் ஓடிவிடும். பிறகு தண்ணீர் பிழிந்து, டிரையரில் உலர்த்தி, காம்பாக்டிங் முடித்து ரோலாகச் சுற்ற இன்னொரு நாள். நடுவில் நிறுத்தி ஈரத்துணியை ஒரு வாரம் போட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே, கடைசி லாட் மிஷினில் ஏற வேண்டியது 16 வியாழன் காலைக்குள். இந்தத் தேதி அறிவிப்பில் இராது. அது பட்டறை மாஸ்டரின் மனத்தில் இருக்கும், அல்லது லோடிங் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருக்கும்.

போனஸ் கை மாறிய மாலையில் பட்டறை பாதி காலியாகிவிடும் என்பதையும் மாஸ்டர் அறிவார்; ஓனரும் அறிவார். ஆனாலும் 17-ஆம் தேதி 600 கிலோ துணியோடு டெம்போ வந்து நின்றால் அவர் திருப்பி அனுப்பமாட்டார். திருப்பினால் அது அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடும். "எறக்கிட்டுப் போங்ணா, பாத்துக்கலாம்" என்பார். "எப்பங்க வரும்?" என்று கேட்டால், "தெறந்ததும் மொத லாட்டு உங்களுதுதானுங்" என்பார். அன்று மாலைக்குள் அந்த முதல் லாட் குறைந்தது ஐந்து பேருக்கு உரியதாகியிருக்கும்.

27-ஆம் தேதி பட்டறை திறப்பது உண்மை. பாய்லருக்குப் பூசை போடுவார்கள், வாட்ச்மேனுக்கு மாலையில் மிச்சம் இருந்த இனிப்பு கிடைக்கும். ஆனால் மிஷின் ஓட்டும் கைகளில் பாதி பீகார்க் கைகள். அந்த ஆண்டு சட் பூசையின் மாலை அர்க்கியம் 27-ஆம் தேதி, காலை அர்க்கியம் 28. அதை முடித்து, தன்பாத்–ஆலப்புழை ரயிலில் இடம் பிடித்து, இரண்டு இரவுக்கு மேல் பயணம் செய்து திருப்பூரில் இறங்க மாதம் முடிந்துவிடும். தேதி குறிக்கும்போது ஓனர் பார்ப்பது தினசரி நாட்காட்டி. அதில் சட் பூசைக்குச் சிவப்பு மை கிடையாது.

ஆள் வந்த பின்னும் நேவிக்காரர் காத்திருக்க வேண்டும். அடர்நிறம் ஓடிய மிஷினில் வெளிர்நிறம் போட்டால் கறை ஏறும்; அதற்காக மிஷினைக் கழுவினால் தண்ணீரும் நேரமும் செலவு. ஆகவே வெள்ளை, இளமஞ்சள், இளநீலம் என்று படிப்படியாக ஏறித்தான் நேவிக்கு வருவார்கள். 17-இல் இறக்கிய துணி நவம்பர் முதல் வாரத்தில் மிஷினில் ஏறினால் அதுதான் 'முன்னுரிமை அடிப்படை'.

இதற்கிடையே பார்ட்டியின் நச்சரிப்பு தாங்காமல் ஓனர் செய்யும் ஒரு உபகாரம் உண்டு. அதுதான் ஆபத்தானது. காலருக்கான 40 கிலோ ரிப்பை மட்டும் வேறொரு லாட்டோடு ஓட்டிக் கொடுத்துவிடுவார். "பாதி குடுத்தாச்சுங்ளே" என்று சொல்லிக்கொள்ளலாம். பாடித் துணி நவம்பரில் வேறு லாட்டாக ஓடும். வேறு லாட் என்றால் நிறமும் இம்மியளவு வேறாகத்தான் இருக்கும். டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். லைட் பாக்ஸில் வைத்தால் காலர் தனியாகக் கண்ணடிக்கும். அனுபவசாலிகள் அதனால்தான் பாடியும் ரிப்பும் ஒரே லாட்டில் ஓட்ட வேண்டும் என்று டெலிவரி சலானிலேயே எழுதி, ஓனரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் சொல்வார்: "நம்மளுக்குள்ள இதெல்லாம் எதுக்குங்?"