24 டிகிரியில் ஒரு தகராறு

வெளியே 44 டிகிரி. ஜூலை மாதத்து துபாய். பால்கனியில் காயப்போட்ட துண்டு அப்பளம் ஆகிவிட்டது. குளியலறை அலமாரியில் என் தேங்காய் எண்ணெய் மட்டும் வெள்ளை வெளேரென்று உறைந்து உட்கார்ந்திருக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்தேன், தட்டினேன், பிதுக்கினேன். ஒரு சொட்டு வரவில்லை. கீழே ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கிறது.

ஜனவரியில் உறைந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். அப்போது டெய்ராவில் விடியற்காலையில் 14, 15 டிகிரிக்கு இறங்கும்; ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்போம்; எண்ணெய் உறைவது அதன் பிறப்புரிமை. ஜூலையில் உறைந்தால் அது பருவத்தின் வேலை இல்லை. நம்மோடு ஒரே கூரையின் கீழ் படுத்திருக்கும் யாரோ ஒருவரின் கைவேலை.

அதற்கு முன்னால் பாட்டில் விஷயம். ஊசிமுனை வாய் உள்ள பாட்டிலில், உறையக்கூடிய ஒரு பொருளை அடைத்து விற்கலாம் என்று முதலில் யோசித்தவர் வழுக்கைத் தலையராக இருக்க வேண்டும். அந்த ஓட்டைக்குள் நாம் எதைத்தான் விடவில்லை? காது குடையும் குச்சி, சீப்பின் வால், ஊதுபத்திக் குச்சி, பால்பாயிண்ட் ரீஃபில். ரீஃபில் விட்டவருக்கு அன்று நீலக் கிருதா. அக்குளில் பாட்டிலை இடுக்கிக்கொண்டே பல் தேய்க்கும் வித்தையும் உண்டு. உடம்பு 37 டிகிரி, எண்ணெய் உருக 25 போதும். கணக்கு சரிதான். ஆனால் கட்டி உருகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், லேசில் விட்டுக்கொடுக்காது. பல் தேய்த்து, முகம் கழுவி, சட்டை போடப் போகும்போது ஓரத்தில் நாலு சொட்டு உருகியிருக்கும். அக்குள்தான் ஜில்லென்று ஆகியிருக்கும்.

சோற்றுக் குக்கரின் மூடிமேல் வைக்கலாம். எண்ணெயை மறந்துபோனால் மூடியோடு ஒட்டிக்கொள்ளும். வைஃபை ரவுட்டர் மேல் வைக்கலாம். கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மைக்ரோவேவில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொழுப்பு அதில் தண்ணீரைப் போலச் சட்டென்று சூடாவதில்லை. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பாட்டில் இடுப்பொடிந்து நிற்கும். காரின் டாஷ்போர்டில் வைத்தால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்ததோடு நிற்காது, உருகிய எண்ணெய் விரிந்து மூடி வழியாகக் கசிந்து சீட்டில் இறங்கும். அதன் பிறகு அந்த வண்டியில் ஏறுகிற எல்லோரும் பொரியல் வாசனையோடுதான் இறங்குவார்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறப்பது. மொட்டைமாடித் தொட்டியில் வெந்து வருகிற தண்ணீர், நீலக்குறி போட்ட குழாயில் கையைச் சுடும். இங்கே கோடையில் குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் வீட்டுக் குளிரில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை சிவப்புக்குறிக் குழாயில் திறக்க வேண்டும். இந்தத் தலைகீழ் ராஜ்ஜியத்தில் எண்ணெய் ஜூலையில் உறைவதில் என்ன அதிசயம்? நீலக்குழாய்க்குக் கீழே சற்று நேரம் பிடித்தால் பாட்டில் தெளிந்துவிடும். அகன்ற வாய் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டால் இந்தக் கூத்து எதுவும் வேண்டாம், விரலாலேயே வழித்துக்கொள்ளலாம். எண்ணெய் உருகிக் கிடக்கும்போது அந்த யோசனை யாருக்கும் வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

அது ஏன் உறைகிறது என்று பக்கத்துக் கட்டில்காரரான காயல்பட்டினம் காக்காவுக்கு விளக்கப் போய், எங்கள் பெட் ஸ்பேஸையே உதாரணமாகக் காட்டினேன். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று நீண்ட சங்கிலிகள். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு சங்கிலிகள் வளைவே இல்லாத நேர்ச் சங்கிலிகள். அவற்றில் சரிபாதி, பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள லாரிக் அமிலம். காலை நீட்டி மல்லாந்து படுப்பவர்களை அறைக்குள் பக்கம் பக்கமாக எத்தனை பேரை வேண்டுமானாலும் அடுக்கலாம். நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இருப்பவை பெரும்பாலும் நடுவில் முழங்கால் மடங்கியவை. மடக்கிப் படுப்பவர் ஒருவர் இருந்தாலே இரண்டு பேர் இடம் போய்விடும். அடுக்க முடியாது, அதனால் உறையவும் உறையாது. பிறகு நீளம். நேராக இருப்பவர்களிலும் குட்டையானவர்கள் சீக்கிரம் கலைந்துபோவார்கள். லாரிக் அமிலம் மட்டும் தனியாக இருந்தால் 44 டிகிரி வரை கட்டியாகவே இருக்கும். தேங்காய் எண்ணெயில் அதைவிடக் குட்டைகளும், கொஞ்சம் மடங்கல்களும் இடையிடையே படுத்திருப்பதால் 24, 25 டிகிரியிலேயே அடுக்கு குலைந்துவிடுகிறது.

காக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஏசியை யாரு குறைக்கிறாங்க தம்பி?" என்றார்.

அங்கேதான் வருகிறேன். துபாய் மின்சார, தண்ணீர் வாரியமான தேவா, ஏசியை 24-இல் வையுங்கள் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நல்ல ஆலோசனைதான். ஆனால் உலகத்தில் எத்தனையோ எண்கள் இருக்க, தேங்காய் எண்ணெய் உறைவதா உருகுவதா என்று தடுமாறுகிற அதே எண்ணையா பிடிக்க வேண்டும்? எங்களுடையதோ சில்லர் ஃப்ரீ ஃப்ளாட். குளிர்ச்சிக்குத் தனி பில் கிடையாது என்ற ஒரு வார்த்தை போதும், சேமிப்பு ஆலோசனையெல்லாம் பால்கனி வழியாகப் பறந்துவிடும். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் மட்டும் காலை, மாலை, நள்ளிரவு எப்போது பார்த்தாலும் 24 என்றே காட்டுகிறது. அது காட்டுவது, தான் மாட்டியிருக்கும் வராந்தாச் சுவரின் சூட்டை. வென்டுக்கு நேர் கீழே கிடக்கும் என் கட்டிலில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எண்ணெய்க்குத் தெரியும்.

எண்ணெயை வைத்துச் சூடு பார்ப்பதில் ஒரு சூது இருக்கிறது. முழுக்கத் தெளிந்த எண்ணெய், 24-க்குக் கீழே போனவுடன் உறைந்துவிடாது. முதல் படிகம் விழும்வரை 20 வரைகூட, சில சமயம் அதற்கும் கீழே, எதுவும் நடக்காத மாதிரி தெளிவாகவே நின்று ஏமாற்றும். ஆகவே பாட்டில் தெளிவாக இருக்கிறது, அதனால் அறை 25-க்கு மேல் என்று சொல்ல முடியாது. பாதி கட்டி, பாதி எண்ணெயாக இருக்கும் பாட்டில்தான் நம்பகமான சாட்சி. ராத்திரி படுக்கும்போது கட்டியின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். உறைந்தது எண்ணெயைவிடக் கனம், ஐஸ் மாதிரி மிதக்காது. அடியில்தான் படியும், அதனால் கோடு போடுவது சுலபம். காலையில் கட்டி கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் ராத்திரி அறை 24-க்குக் கீழே இருந்திருக்கிறது. இறங்கியிருந்தால் மேலே. அரை லிட்டர் பாட்டிலுக்கு நிதானம் ஜாஸ்தி. நடுவில் யாரோ கால் மணி நேரம் 18 வைத்துவிட்டுத் திருப்பினால் அது கண்டுகொள்ளாது. ராத்திரி முழுக்க நடந்ததைத்தான் சொல்லும்.

என் பாட்டிலில் கட்டி ஏறியது. மறுநாளும் ஏறியது. மூன்றாம் கட்டில் கும்பகோணத்துக்காரர், "சார், என் நெய்யைப் பாருங்க, அது எப்பவும் அப்படியேதானே இருக்கு" என்று வாதாட வந்தார்.

நெய்யைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே கூடாது. தேங்காய் எண்ணெய் நறுக்கென்று ஒரு பதில் சொல்லும். நெய் மென்று விழுங்கும். அதில் நாலு கார்பன் குட்டையிலிருந்து பதினெட்டு கார்பன் நெட்டை வரை எல்லோரும் குடியிருக்கிறார்கள், கால் பங்குக்கு மேல் முழங்கால் மடங்கியவர்கள் வேறு. ஏசி அறையில் நெட்டைகள் மட்டும் சேர்ந்து மணல் மணலாகத் திரளும், மற்றவை அவற்றைச் சுற்றி எண்ணெயாகவே நிற்கும். முழுசாகத் தெளிய 35 டிகிரி பக்கம் போக வேண்டும். 22-இலும் மணல், 28-இலும் மணல். கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான். மணல் பருமனும் சூட்டைச் சொல்லாது. காய்ச்சிய நெய்யை நிதானமாக ஆறவிட்டால் பெரிய மணல், ஃப்ரிட்ஜில் திணித்தால் மழுமழுவென்ற பசை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நெய்யை நம்பலாம். ஹாலில் இருக்கும் நெய் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது என்றால் ஏசி செத்துவிட்டது, நாத்தூரைக் கூப்பிடலாம். சமையலறையில் தெளிந்திருப்பதற்கு அர்த்தமே கிடையாது. எங்கள் சமையலறைக்கு ஏசி வைக்காமலே கட்டிவிட்டார்கள்.

இதற்குள் ஃப்ளாட் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ ஒரு ஃபார்வேர்டைத் தட்டிவிட்டார்: ஃப்ரிட்ஜில் வைத்து உறைந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய், உறையாவிட்டால் கலப்படம். இந்தப் பாதி அறிவு இருக்கிறதே. பாமாயில் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் லாரிக்தான் ஜாஸ்தி, அதைக் கலந்தாலும் அழகாக உறையும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் உறைவதற்குப் பாதித் தேங்காய் எண்ணெயே போதும். பாரஃபின் எண்ணெயைத் தாராளமாகக் கலந்தால் இளகலாக நிற்கும், அப்போது சந்தேகப்படலாம். மற்றபடி உறைதல் ஒரு நற்சான்றிதழ் அல்ல. இதையெல்லாம் தட்டச்சு செய்து அனுப்பினேன். கீழே ஒரு கட்டைவிரல், இரண்டு கும்பிடு. பிறகு கும்பகோணத்துக்காரரின் பதில்: "பேசாம நல்லெண்ணெய்க்கு மாறிடுங்க சார். ஜீரோ டிகிரியில கூட உறையாது."

உறையாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜூலை மாதத்தில், நல்லெண்ணெய் தேய்த்த தலையோடு, கண்ணாடி ஜன்னலைத் திறக்க முடியாத ஆபீஸ் பஸ்ஸில், முக்கால் மணி நேரம் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காரத் தயாராக இருக்கிற ஒருவரை அவர் முதலில் காட்டட்டும்.