காப்பியும் கோஹீயும்

ஒசாக்கா

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜப்பானிய பாஷையில் ஆங்கில வார்த்தைகள் ஆயிரக்கணக்கில் கலந்திருப்பதால் பாதிப் பாஷை எனக்கு இப்போதே தெரியும் என்று புறப்படும்போது உங்களிடம் நான் பேசிய கர்வப் பேச்சுக்கு, வந்த முதல் வாரத்திலேயே பிராயச்சித்தம் செய்யும்படி ஆயிற்று.

மேஜைமேல் கிடந்த கடிதக் கட்டைச் சுட்டிக்காட்டி, மேலதிகாரி ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது 'கொப்பீ' என்ற ஒரே சொல். (அவர் சொன்ன ஒற்றைப் பகரத்தை நம் லிபியில் எழுத வழியில்லை.) ஓடிப்போய் ஆவி பறக்க ஒரு கோப்பைக் காப்பி வாங்கிவந்து பணிவோடு நீட்டினேன். மனிதர் கோப்பையைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், தலை தாழ்த்தி வந்தனம் கூறிக் குடித்துவிட்டு, தாமே கட்டோடு எழுந்து நகல் எடுக்கும் யந்திரத்தண்டை போனார். 'கொப்பீ' என்றால் நகலாம். காப்பிக்குப் பெயர் 'கோஹீ'யாம். அந்தச் சொல் ஆங்கிலேயரிடமிருந்து வந்ததன்று, ஒல்லாந்தரிடமிருந்து வந்தது என்று பிற்பாடு அறிந்தேன். அறிந்து என்ன பயன்?

அந்நியச் சொற்களை எழுத இவர்கள் பயன்படுத்தும் கத்தகனா என்ற எழுத்தில் நம்முடையதைப் போன்ற புள்ளி கிடையாது. 'ன்' என்ற ஒலியைத் தவிர மற்ற மெய்களெல்லாம் ஓர் உயிரைத் தோளில் சுமந்துகொண்டே நிற்க வேண்டும். ஆகவே ஆங்கிலேயன் ஒரே மூச்சில் சொல்லிமுடிக்கும் 'ஸ்ட்ரைக்' என்ற பந்தாட்டச் சொல், இங்கே 'ஸு-டொ-ர-இ-கு' என ஐந்து எழுத்தாய், எழுத்துக்கு ஒரு மாத்திரையாய் நீண்டுவிடுகிறது. காகிதத்தில் கண்டால் உயிர்களை ஒவ்வொன்றாக உதிர்த்து, சாவகாசமாக மூலச் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பேசுகிறவர் அவகாசம் தருவதில்லை. போதாததற்கு, ஸகரத்துக்கும் டகரத்துக்கும் இடையிலுள்ள உகரத்தையும் கடைசி உகரத்தையும், நம் குற்றியலுகரத்தைவிடக் குறுக்கி, வெறும் காற்றாக விட்டுவிடுகிறார். எழுத்தை நம்பிக் காத்திருக்கும் காதுக்கும் ஆங்கிலத்தை நம்பிக் காத்திருக்கும் காதுக்கும் ஒருங்கே ஏமாற்றம். தொழிலாளர் வேலைநிறுத்தமும் அதே ஆங்கிலச் சொல்தான். ஆனால் அது இகரத்தில் முடிந்து 'ஸு-டொ-ர-இ-கி' ஆகிவிடுகிறது. காற்றோடு போகும் அந்தக் கடைசி உயிரைக் கொண்டா நான் ஆட்டத்தையும் போராட்டத்தையும் பிரித்தறிவது?

குறில் நெடில் பேதத்தைத் திண்ணைப் பள்ளியிலேயே கற்ற பரம்பரையாயிற்றே என்று நான் அலட்சியமாக இருந்த இடத்தில்தான் பெரிய சறுக்கல் நேர்ந்தது. இங்கே 'பிரு' என்றால் கட்டடம். ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் நறுக்கி வைத்துக்கொண்டது. 'பீரு' என்றால் பீர். ஸ்வரத்தின் ஏற்ற இறக்கமும் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு மாத்திரைதான் பேதம். ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள 'பிரு'வில் சனிக்கிழமை மாலை சந்திக்கலாம் என்று சகா ஒருவர் சொல்ல, நான் நிலையத்தைச் சுற்றியுள்ள மதுக்கடை ஒவ்வொன்றிலும் தலையை நீட்டி அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ கட்டட வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்.

இந்தக் கடைசிப் பாராவை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் அன்புத் தம்பி